மகன் பேச வேண்டிய வார்த்தை



ஒரு ஞாயிறன்று மாலைத் திருப்பலிக்குப் பின் சகோதரி ஒருவர் என்னைக் காண வந்தார். மணமாகி நான்கு ஆண்டுகள். கையில் ஒரு குழந்தை. மாமியார் அடுத்த தெருவில் வசிக்கிறார். நாள்தோறும் காலையில் வந்து அடுக்களைப் பாத்திரங்களை இடம் மாற்றுவார். கொதிக்கும் குழம்பில் புளி கரைத்து ஊற்றுவார். குழந்தையின் பாலில் சர்க்கரை சேர்ப்பார்.

"அத்தையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், சாமி. இரவில் 'நீ சொல்வது நியாயந்தான்' என்கிற இவர், காலையில் அம்மாவின் முன் செய்தித்தாளில் முகம் புதைத்துக்கொள்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை" என்றார்.

நான் அவருக்குச் சொன்னது இது: கணவரிடம் அவர் தாயின் குணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். பேசினால், அவர் மகனாக நின்று தாய்க்காக வாதாடுவார். மாமியார் வந்துபோன சூட்டிலும் பேசாதீர்கள். இரவு உணவு முடிந்து, குழந்தை உறங்கியபின், பத்துக் குறைகளில் ஒன்றை மட்டும் எடுங்கள். "மருத்துவர் வேண்டாமென்ற சர்க்கரையை அத்தை இன்றும் பாலில் கலந்தார்கள். நான் தடுத்தால் எதிர்த்துப் பேசினேன் என்றாகும். நாளை என் முன்னிலையிலேயே நீங்கள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தனியறையில் தரும் ஆதரவு மாமியார் காதில் விழுவதில்லை. அவர் கண்ணுக்கு மகனின் மௌனம் சம்மதமாகவே தோன்றும்.

அச்சகோதரி அவ்வாறே கேட்டார். கணவரும் மறுநாள் பேசினார். ஆனால், "இவளுக்குப் பிடிக்கவில்லை, அம்மா" என்றுவிட்டார்! பழி முழுவதும் மருமகள்மேல் விழுந்தது. தாய் மூன்று நாள் வரவில்லை.

பிறகு அவரை அழைத்துப் பேசினேன். மனிதன் தாய் தந்தையை விட்டுத் தன் மனைவியோடு ஒன்றித்திருப்பான் எனத் தொடக்க நூல் இரண்டாம் அதிகாரம் கற்பிக்கிறது. அது தாயைக் கைவிடச் சொல்லவில்லை. பெற்றோரை மதிக்கும் கட்டளையும் நீங்கவில்லை. ஆனால் புதிய இல்லத்தின் முடிவுகள் கணவன் மனைவி இருவருக்கும் உரியவை. எனவே "இவள்" என்பதை விட்டு, "நாங்கள்" என்று பேசச் சொன்னேன்.

அன்று மாலை அவர் மனைவியோடு தாயின் வீட்டுக்குச் சென்று, "அம்மா, பிள்ளைக்குச் சர்க்கரை வேண்டாமென்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம், அப்படியே இருக்கட்டும். நாளை மாலை செபமாலைக்கு நீங்கள் வந்து பேரனோடு இருக்க வேண்டும்" என்றார். தாய் அழுதார். மகன் சமாதானம் சொன்னார். சொன்ன சொல்லை மட்டும் திரும்பப் பெறவில்லை. அங்கே தளர்ந்திருந்தால், கண்ணீர் விட்டால் போதும் என்பதையே தாய் கற்றிருப்பார்.

பாத்திரங்கள் இன்னும் இடம் மாறத்தான் செய்கின்றன. ஆனால் பாலில் சர்க்கரை விழுவதில்லை. "இப்போது நான் அந்த வீட்டில் தனியாக இல்லை, சாமி" என்றார் அச்சகோதரி.

கணவன்மாரே, உங்கள் இல்லத்தில் அந்த ஒரு வார்த்தை யாருக்காகக் காத்திருக்கிறது?

உங்கள் பங்குத்தந்தை