குருவா, நட்சத்திரமா?

2026 ஜனவரியில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தவர்களுக்கு இரண்டு ஒளிகள் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சித் தெரிந்தன. ஒன்று வடகிழக்குப் பக்கம், இன்னொன்று தென்கிழக்குப் பக்கம். இரண்டும் வெண்மை. அவற்றில் ஒன்றுதான் கிரகம். வெறும் கண்ணால் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

முதலில், எது மினுக்குகிறது என்று பார்க்க வேண்டும். தென்கிழக்கில் இருந்தது படபடவென்று மினுக்கியது. சிவப்பு, நீலம் என்று நிறம்கூட மாறியது. அது சிரியஸ், இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரம். வடகிழக்கில் இருந்தது ஏற்றி வைத்த விளக்கு மாதிரி நிதானமாக ஒளிர்ந்தது. அதுதான் வியாழன், அதாவது குரு.

காரணம் தூரம். நட்சத்திரம் வெகு தொலைவில் இருப்பதால் நமக்கு அது ஒரு புள்ளிதான். வரும் வழியில் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அந்த ஒற்றைக் கதிரை அங்கும் இங்கும் வளைக்கின்றன, ஒளி ஆடுகிறது. வியாழனோ ஒரு சிறு வட்டம். அந்த ஜனவரியில் அதன் அகலம் முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. வட்டத்தின் ஒரு பக்கத்து ஒளி மங்கும்போது மறுபக்கத்து ஒளி கூடிவிடும். ஆட்டம் நம் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. அடிவானத்தை ஒட்டி ஒளி அடர்ந்த காற்றைக் கடந்து வருவதால் கிரகமும் மினுக்கும். உச்சியில் இருக்கும் நட்சத்திரமோ சில இரவுகளில் அசையாமல் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரம் வரும்வரை காத்திருந்து பார்ப்பது நல்லது. உதித்த ஒளி அந்த உயரத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் போல ஆகும்.

அடுத்த சோதனை இன்னும் உறுதியானது. கிரகங்கள் வானத்தில் கண்ட இடத்தில் இருக்காது. நட்சத்திரங்களுக்கு நடுவே சூரியன் ஒரு வருடத்தில் சுற்றிவரும் பாதை ஒன்று உண்டு. பிரகாசமான கிரகங்கள் எல்லாம் அந்தப் பாதையை ஒட்டியேதான் இருக்கும். ஒரு முஷ்டி அகலம்கூட விலகாது. நிலாவும் அப்படித்தான். அந்த ஜனவரி 3-ம் தேதி மார்கழிப் பௌர்ணமி நிலா வியாழனுக்குப் பக்கத்திலேயே நின்றது. சிரியஸோ அந்தப் பாதையிலிருந்து நான்கு முஷ்டி தள்ளி இருக்கிறது. எவ்வளவு பிரகாசித்தாலும் அது கிரகமாக இருக்க முடியாது.

நிலா இல்லாத இரவில் பாதையை எப்படிப் பிடிப்பது? தமிழ் மாதங்கள் உதவும். ஆனி மாதத்தில் சூரியன் இருப்பது மிதுனத்தில். அந்த ஜனவரியில் குருவும் மிதுனத்தில்தான். ஆகவே ஆனி வெயில் எந்த வழியாக வருமோ அந்த வழியாகத்தான் குருவும் வந்தது: கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, நம் தலைக்கு மேலாகக் கடந்து, மேற்குக்குச் சற்று வடக்கே மறைந்தது. சித்திரைக்கு மேஷம், வைகாசிக்கு ரிஷபம் என்று மற்ற ராசிகளுக்கும் இதே கணக்கு. கிரகம் எந்த ராசியில் என்பதைத் தினசரி நாட்காட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ராசியின் எல்லையில் இருக்கும் கிரகம் மட்டும் பக்கத்து நட்சத்திரக் கூட்டத்தில் தெரியக்கூடும். ராசிகள் சமமாகப் பிரிக்கப்பட்டவை. நட்சத்திரக் கூட்டங்கள் அப்படி இல்லை.

பாதையிலேயே சில நட்சத்திரங்களும் உண்டு: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. இதில் கேட்டைதான் ஆளை ஏமாற்றும். அது செவ்வாயைப் போலவே சிவப்பு. அதன் கிரேக்கப் பெயரான அண்டாரிஸ் என்பதற்கே செவ்வாய்க்குப் போட்டி என்றுதான் பொருள்.

இங்கே கடைசிச் சோதனை தேவை. பக்கத்தில் உள்ள இரண்டு நட்சத்திரங்களோடு சேர்த்து அந்த ஒளியைத் தாளில் புள்ளி வைத்து வரையுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கேட்டை அதே இடத்தில் இருக்கும். செவ்வாய் பெரும்பாலும் பல டிகிரி நகர்ந்திருக்கும். வியாழன் மெதுவாகப் போவது. அதற்கு ஓரிரு மாதம் தர வேண்டும். அந்த ஜனவரியில் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களில் பிரகாசமானதிலிருந்து ஒரு முஷ்டிக்குள் இருந்த வியாழன், மார்ச்சில் ஒரு முஷ்டியைத் தாண்டி விலகியிருந்தது.

வெள்ளிக்கு இவ்வளவு பாடு வேண்டாம். அது சூரியனிடமிருந்து ஐந்து முஷ்டி தூரம்கூட விலகாது. மாலையில் மேற்கே, அல்லது விடியலில் கிழக்கே மட்டும் தெரியும். நம் ஊரில் நள்ளிரவில் ஒருவர் உச்சியைக் காட்டி ‘அதோ வெள்ளி’ என்றால், அது வெள்ளி இல்லை.