ஈரச்சீலையிற் பத்துப் பயறு

நமது அயல்வீட்டுச் சிறுமி, பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்துக்காகப் பத்துப் பாசிப்பயற்றை ஈரச்சீலையிற் சுற்றித் தட்டத்தில் வைத்தாள். சீலை காய்ந்துவிடுமோ என்றஞ்சி வேளைக்கு வேளை நீர் வார்த்தாள். பயறு மூழ்கியே கிடந்தது. மறுநாள் யாவும் பருத்திருக்கக் கண்டு, “பத்தும் முளைக்கப் போகின்றன!” என்று நம்மிடம் ஓடிவந்தாள். உயிரற்ற வித்தும் நீர் குடித்துப் பருக்கும் என்பதை அவள் அறியாள். மூன்றாம் நாள் சீலையை விரித்தபோது புளித்த நாற்றம் எழுந்தது. ஏழு வித்துகள் அழுகிக் குழைந்திருந்தன. மூன்றில் மட்டுமே வெண்ணிற முளைவேர்.

சமையலறையில் அம்மம்மா முளைக்கவைத்த பயறு ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. சிறுமியின் கண் அங்கே சென்றதை நாமும் கண்டோம்.

“வித்தும் மூச்சு விடும், பிள்ளை. நீருக்குள் அதற்குக் காற்று ஏது? சீலையைப் பிழிந்தல்லவா சுற்ற வேண்டும்!” என்றார் அம்மம்மா.

அன்றிரவு வேறு பத்துப் பயற்றை ஊறவிட்டாள். விடிந்ததும் நீரை வடித்து, துளி சொட்டாமற் பிழிந்த சீலையிற் சுற்றினாள். காயுந்தோறும் கையால் நீர் தெளித்ததோடு சரி. இரண்டாம் நாள் ஒன்பது முளைத்தன.

கொப்பியில் இரண்டு கணக்கையும் எழுதினாள். அழுகிய ஏழையும் படமாக வரைந்திருந்தாள்.