பார்வைகளும் வருமானமும்

சென்னையில் 2013இல் தொடங்கப்பட்ட சுச்சு டிவியின் வளர்ச்சியைக் கண்டு புதுச்சேரியில் அனிமேஷன் சேனல் தொடங்க எண்ணுவோர், குழந்தைப் பாடல்களுக்குக் குவியும் பார்வைகளை மட்டுமே வைத்து வருமானத்தைக் கணக்கிடுவது ஏமாற்றத்திலேயே முடியும். யூடியூப் நீள்காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காட்டைச் சேனலுக்குத் தருகிறது. அந்தப் பங்கு ஆயிரம் பார்வைக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 2 லட்சம் பார்வைகள் ஈட்டுவது 6,000 ரூபாய்தான், அது ஓர் ஓவியரின் மாதச் சம்பளத்துக்கும் எட்டாது. குழந்தைகளுக்கானவை என்று குறிக்கப்பட்ட காணொளிகளிலோ, பார்ப்பவரின் விருப்பத்தை அறிந்து காட்டப்படும், கூடுதல் விலை பெறும் விளம்பரங்கள் 2020 ஜனவரி முதல் நிறுத்தப்பட்டதால் இத்தொகையும் குறையக்கூடும். ரசிகர்கள் மாதக் கட்டணம் செலுத்தும் உறுப்பினர் திட்டத்தில் சேனலுக்கு 70 விழுக்காடு கிடைக்கிறது என்றாலும், குழந்தைகளுக்கான சேனலுக்கு அந்த வசதியே கிடையாது. ஆகவே பிரெஞ்சு ஆட்சிக்கால வரலாற்றையோ ஊர் நகைச்சுவையையோ பெரியவர்களுக்காக வரையும் சிறு சேனலுக்கே உறுப்பினர் கட்டணம் கைகொடுக்கும். உள்ளூர்க் கடையோ விடுதியோ தரும் ஒரே ஒரு விளம்பரதாரர் ஒப்பந்தம் ஒரு மாத விளம்பர வருவாயையே மிஞ்சவும் கூடும். அப்படிப் பணம் பெற்ற காணொளியில் அதனை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும்.