கண் மூடின படத்தை அழிக்காதேங்கோ

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் எடுத்த ஒரு கல்யாணக் கூட்டுப் படம் எங்கட கைக்கு வந்தது. பின்னால் தூண் வைத்த பழைய விறாந்தை, கம்பித் தடுப்பு. வலது ஓரத்தில், அம்மம்மாவின் தோளுக்குப் பின்னால் சைக்கிள் உருட்டிக்கொண்டு போகிறார் ஒருவர். ஓரத்தை வெட்டினால் அம்மம்மாவும் போயிடுவா.

போட்டோஷொப்பில் Content-Aware Fill கொடுத்துப் பார்த்தோம். ஆள் போனார்; ஆனால் தூண் நடுவில் நெளிஞ்சுது, ஒரு கம்பி பாதியில நின்றது. அது அக்கம்பக்கத் துண்டுகளை எடுத்து ஒட்டும். கோடு எங்கே போய்ச் சேரவேணும் எண்டு அதுக்குத் தெரியாது. மணல், கடல் எண்டால் தப்பியிருக்கலாம்.

நாங்கள் சொல்லுறது, கட்டடத்தைக் கற்பனை பண்ண வேண்டாம், அடுத்த படத்திலிருந்து எடுங்கோ. கூட்டுப் படம் ஐந்தாறு தரம் எடுப்பினம். நடக்கிற ஆள் ஒவ்வொன்றிலும் வேற இடத்தில நிற்பார். ஒன்றில் அவர் மறைத்த தூண் இன்னொன்றில் முழுசாத் தெரியும். அதை மேல் லேயராக வைத்து, கலப்பு முறையை Difference ஆக்கி, தூண் கறுப்பாகும் வரை நகர்த்துங்கோ. ஆக்கள் பொருந்தாட்டிலும் பரவாயில்லை. பிறகு Normal, கறுப்பு மாஸ்க். ஆள் நின்ற இடத்தில் மட்டும் வெள்ளைத் தூரிகை. படியில் விழுந்த அவர் நிழலையும் மறக்கக்கூடாது. நாங்கள் முதலில் மறந்துபோனோம்.

எங்களுக்கு உதவினது பொம்பிளை கண் மூடின படம். வழக்கமா அதைத்தான் முதலில அழிக்கிறவை.