முந்தினா கொஞ்சம் போச்சு, பிந்தினா மொத்தமும் போச்சு!

மரக்காணம் பக்கம் ஈ.சி.ஆர்.ல பைக்ல போயிருந்தா, ரோட்டோரம் வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல் பார்த்திருப்பீங்க. ஆனா ரயிலைப் பார்த்திருக்க முடியாது. அந்த ஊர்ப் பசங்க ரயில் ஏறணும்னா பஸ் பிடிச்சு திண்டிவனம் வரணும். மழை வந்தா அங்கே ரெண்டு விஷயம் நிக்கும். ஒண்ணு உப்பளம், இன்னொண்ணு பயணம். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினா எவ்வளவு திரும்பி வரும்? இந்த வாரம் அதுதான் கணக்கு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மரக்காணம் உப்பளங்கள் வெள்ளக்காடு. அந்த நேரத்துல அந்த ஊர் காலேஜ் பசங்க நாலு பேர், டிசம்பர் 2 ராத்திரி 10 மணிக்குத் திண்டிவனத்துல ஸ்லீப்பர்ல ஏற கன்ஃபர்ம் டிக்கெட் வெச்சிருந்தாங்கன்னு கற்பனை பண்ணிக்குங்க. ஆளுக்கு 400 ரூபாய், மொத்தம் 1,600.

அப்போ இருந்தது 2015 நவம்பர் 12-ல அமலான விதி. 48 மணி நேரத்துக்கு முன்னாடி கேன்சல் பண்ணினா ஸ்லீப்பருக்கு ஆளுக்கு 120 ரூபாய் பிடித்தம். 48-லிருந்து 12 மணி நேரத்துக்குள்ளே கட்டணத்துல 25 சதவிகிதம், 12-லிருந்து 4-க்குள்ளே 50 சதவிகிதம். ஆனா ரெண்டுலயும் பிடித்தம் அந்த 120-க்குக் குறையாது. 4 மணி நேரத்துக்கும் கம்மின்னா... நாமம்தான்!

இப்போ பாருங்க. நம்ம பசங்க சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கே கேன்சல் பண்ணினா, 49 மணி நேரம் இருக்கு. நாலு பேருக்கு 480 போகும். ஞாயிறு மதியம் பண்ணினா? 400-ல 25 சதவிகிதம் வெறும் 100 ரூபாய். அது 120-ஐவிடக் கம்மி, அதனால 120-தான். அதே 480! அதாவது, அந்த விதியில 480 ரூபாய்க்குக் கீழே இருந்த ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 48 மணிங்கிற கோடு ஒண்ணுமே பண்ணலை. உதைச்சது 12 மணிக் கோடுதான். திங்கள் மதியம் பண்ணினா 800 காலி. சாயங்காலம் 7 மணிக்குப் பண்ணினா 1,600-ம் காலி.

சரி, ரயிலே ஓடலேன்னா? இங்கேதான் மேட்டரே இருக்கு. அந்த டிசம்பர் 2-ம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல இருக்கிற பாலத்துல தண்ணி அபாய அளவுக்கு ஏறிடுச்சு. பல ரயில்களை ரத்து பண்ணினாங்க, சிலதை வேற பாதையில விட்டாங்க. ரயில்வேயே ரயிலை ரத்து பண்ணினா பிடித்தம் கிடையாது, முழுப் பணமும் வாபஸ். ஆன்லைன் டிக்கெட்டுக்கு அது தானாவே அக்கவுன்ட்டுக்கு வந்துடும். கவுன்ட்டர் டிக்கெட்டுன்னா மூணு நாளுக்குள்ளே கவுன்ட்டர்ல கொடுக்கணும். ரத்து அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடி, பயந்துபோய் மதியமே பட்டனை அமுக்கினவங்களுக்குப் பாதிப் பணம்தான்!

அதுக்காக 'ரத்தாகும், வெயிட் பண்ணுவோம்'னு உக்காந்தா, ரயில் ஓடிட்டா எல்லாம் போச்சு. அதனால இப்படிப் பிரிச்சுக்குங்க. பயணமே வேணாம்னு முடிவாயிடுச்சா? பாதிப் பணம் போற கோட்டைத் தாண்டவிடாதீங்க. 2015 விதிப்படி ஸ்லீப்பர்னா அதுவரைக்கும் பொறுக்கறதுல பெரிய நஷ்டம் இருக்கலை. ஆனா ஏ.சி. டிக்கெட்டுக்கு அப்படி இருக்கலை. 1,000 ரூபாய் த்ரீ டயர்னா 48-க்கு முன்னாடி 180, அடுத்த நிமிஷம் 250-ன்னு இருந்தது. ஜி.எஸ்.டி. தனி.

ரயில் 3 மணி நேரத்துக்கு மேலே லேட்டா, நீங்க ஏறலையா? அதுக்கும் முழுப் பணம் உண்டு. ஆனா ரயில் கிளம்பறதுக்கு முன்னாடியே டி.டி.ஆர். போடணும். ஆறின பிறகு போட்டா ஆறின கஞ்சிதான்.

இன்னொரு குழப்பம். கவுன்ட்டர்ல எல்லாப் பிடித்தத்தையும் 'கிளார்க்கேஜ்'னுதான் சொல்றோம். விதிப்படி அது வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி. டிக்கெட்டைக் கேன்சல் பண்றப்போ பிடிக்கிற சின்னத் தொகை. கன்ஃபர்ம் டிக்கெட்டுக்கு 'கேன்சலேஷன் சார்ஜ்'. தத்கால் கன்ஃபர்ம் டிக்கெட்டை நீங்களா கேன்சல் பண்ணினா எதுவுமே வராது.

கவுன்ட்டர் டிக்கெட் வெச்சிருக்கிற மரக்காணம் பார்ட்டிகளே, திண்டிவனம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற நேரமும் அந்த மணிக்கணக்குல கழியும். டிக்கெட் எடுக்கும்போது மொபைல் நம்பர் கொடுத்திருந்தா ஐ.ஆர்.சி.டி.சி. சைட்லயே கேன்சல் பண்ணிடலாம். பணம் மட்டும் கவுன்ட்டர்ல வாங்கிக்கலாம்.

கடைசியா ஒண்ணு. இந்தக் கோடுகள் நகர்ந்துட்டே இருக்கும். 2013-ல 48, 6-ன்னு இருந்தது. 2015-ல 48, 12, 4 ஆச்சு. 2026 ஜனவரியில வந்தே பாரத் ஸ்லீப்பருக்கு 72, 8-ன்னு கடுமையாக்கினாங்க. அதனால டிக்கெட் எடுக்கிற அன்னிக்கே உங்க ரயிலுக்கான மணிக்கோட்டைப் பார்த்து, மொபைல்ல அலாரம் வெச்சுடுங்க மக்கா!