விஸாவும் வாய்மையும்

அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, மாணவர் விஸா கேட்பவரைக் குடியேற வருபவராகவே முதலில் கருதுகிறது. அப்படியல்லவென்று காட்டுவது மாணவரின் பொறுப்பு.

நம்மிடம் படித்த பையன் ஒருவன் ஒத்திகைக்கு வந்தான். "தாய்நாட்டின் மீது ஆழ்ந்த பற்றுண்டு" என்று ஒப்பித்தான்.

"திரும்பி வந்து என்ன செய்வாய், அப்பா?" என்றோம்.

"திருப்பூரில் அப்பாவின் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கவே இந்தப் படிப்பு, ஸார்."

"இதையே சொல். குறுக்கே கேள்வி வந்தால் மனப்பாடம் அறுந்துபோகும். சொந்த விஷயம் அறாது."

"அண்ணா அங்கே இருப்பதை மறைக்கலாமா?"

"கூடாது. விண்ணப்பத்திலேயே அக்கேள்வி உண்டு. பொய் வெளிப்பட்டால் நிரந்தரத் தடை வரலாம். 214(பி)யில் மறுக்கப்பட்டவனோ மீண்டும் விண்ணப்பிக்கலாம்."

சொத்தில்லையே என்று அவன் கவலைப்பட்டான். இளைஞரிடம் அதிகாரிகள் சொத்தை எதிர்பார்ப்பதில்லை. இன்றைய எண்ணத்தையே பார்க்கிறார்கள் என்று சொல்லியனுப்பினோம்.