ஹாலில் வார இறுதிப் பட்டறை: பசையைத் தள்ளி வையுங்கள், வால்வு டியூப் வாங்குங்கள்

சனிக்கிழமை காலை 10 மணி. சோபா சுவரோரம் போயிருக்கும், தரையில் பழைய பெட்ஷீட், அதன் மேல் பத்துப் பிள்ளைகள். அடுக்ககங்களில் இப்போது பரிச்சயமான காட்சி இது. வேலைக்குப் போகிற இளைஞர்கள் பலர் வார இறுதியில் இப்படி கைவினைப் பட்டறை நடத்துகிறார்கள். பொருள் மலிவு, இடத்துக்கு வாடகை இல்லை. ஆனாலும் பல பட்டறைகள் இரண்டாவது மணி நேரத்தில் தடுமாறிவிடுகின்றன. காரணம் காசு இல்லை, ஈரம்.

பழைய பேப்பரும் மைதா பசையும் வைத்துச் செய்யும் காகிதக்கூழ் கிண்ணத்தைப் பாருங்கள். செலவு சொற்பம்தான். ஆனால் ஒவ்வொரு அடுக்கும் காய வேண்டும். மழைக்காலச் சென்னையில் அது மறுநாளும் ஈரமாகவே இருக்கும், நாலாம் நாள் பூஞ்சை வாசம் அடிக்கும். (போஸ்டர் பசையில் மயில்துத்தம் கலப்பார்களே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது விஷம்.) இரண்டு மணி நேரத்தில் காயாது என்பதால் நடத்துபவர் முந்தின இரவே கிண்ணங்களைச் செய்து காயவைத்துவிடுகிறார். பிள்ளைகள் வந்து கண்ணாடித் துண்டு ஒட்டுகிறார்கள், போட்டோ வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகிறது. பத்துக் கிண்ணமும் ஒரே மாதிரி! பட்டறை நடந்தது முந்தின இரவு, அதுவும் பெரியவருக்கு.

அதனால் ஹால் பட்டறைக்கு ஒரே அளவுகோல் போதும்: காயவைக்கத் தேவையில்லாத, தப்பாகப் போனால் பிரித்து மறுபடி செய்யக்கூடிய வேலையா?

அப்படி ஒன்றை அரவிந்த் குப்தா எப்போதோ காட்டிவிட்டார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இவர், 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் வேலை செய்தபோது, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து உருவங்கள் செய்யும் முறையை உருவாக்கினார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர்.

வால்வு டியூப் என்பது சைக்கிள் கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் குழாய். அதை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும். இரு பக்கமும் ஒவ்வொரு குச்சியை அரை சென்டிமீட்டர் நுழைத்தால் நடுவில் கொஞ்சம் காலி இருக்கும். அந்தக் காலி இடம் முக்கியம், அதுதான் மூட்டு மாதிரி வளையும். இரண்டு குச்சியும் உள்ளே முட்டிக்கொண்டால் வளையாது, குச்சி வெளியே துள்ளிவிடும்.

குச்சியின் மருந்துத் தலையை முந்தின நாளே பெரியவர் நீக்கிவிட வேண்டும். பட்டறையில் தீப்பெட்டி இருக்கவே கூடாது. எட்டு வயதுக்குக் கீழே வேண்டாம், சின்ன ரப்பர் துண்டு வாய்க்குப் போகும்.

முதலில் முக்கோணம்: மூணு குச்சி, மூணு துண்டு. அமுக்கினால் அசையாது. அடுத்து சதுரம், நாலுக்கு நாலு. லேசாகத் தள்ளினாலே சாயும். "அக்கா, இது ஆடுது" என்று ஒரு பிள்ளை சொல்லும். பதில் சொல்லிவிடாமல் ஒரு குச்சியை மட்டும் கையில் கொடுங்கள்.

குறுக்கே வைத்துப் பார்ப்பார்கள், எட்டாது. ஏனென்றால் சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப் போல சுமார் 1.4 மடங்கு. பத்து நிமிஷம் போராடிவிட்டு யாரோ ஒருத்தர் சதுரத்தை டைமண்டாகச் சாய்த்துப் பார்ப்பார். இப்போது அதே குச்சி சரியாக உட்காரும். எதிரெதிர் மூட்டுகளில் தடித்த ஊசியால் பெரியவர் துளை போட்டு, முனை சீவிய குச்சியைச் செருகினால் ஆட்டம் நின்றுவிடும். உற்றுப் பார்த்தால் இரண்டு முக்கோணங்கள்! செல்போன் டவரிலும் ரயில் பாலத்திலும் குறுக்குக் கம்பி ஏன் என்று அதற்கப்புறம் கேட்டுப் பாருங்கள்.

நேரம் இருந்தால் நான்முகி. முதல் முக்கோணத்தின் மூணு மூட்டிலும் துளை. இன்னொரு துண்டின் இரு முனையில் இரண்டு குச்சி, நடுத்துளையில் மூணாவது. இந்த மூணு கால்களையும் கீழே இருக்கும் மூணு துளைகளில் இறக்கினால் கூடாரம் ரெடி.

இதற்கு ஒரு பிள்ளைக்கு 11 குச்சி, 8 துண்டு ஆகும். பத்துப் பேருக்கு நாலு தீப்பெட்டியும் ஒன்றரை மீட்டர் டியூபும் போதும். தட்டுப்பாடு வருவது பெரியவர்களின் கைக்குத்தான். துளை போடும் கட்டத்தில் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள். இரண்டு பேராவது இல்லாவிட்டால் காத்திருக்கிற பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் சதுரத்தைப் பிடுங்கும். ஒருத்தர்தான் இருக்கிறார் என்றால் ஐந்து பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பழைய டியூப் வெடித்திருக்கும், குச்சி வழுக்கும். வாங்கும்போதே இழுத்துப் பாருங்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஷோகேஸில் வைக்க எதுவும் கிடைக்காது. பணம் கட்டிய அப்பா, "இவ்ளோதானா?" என்று கேட்கக்கூடும். அதனால் பெற்றோரைக் கடைசி பத்து நிமிஷத்துக்கு உள்ளே கூப்பிடுங்கள். ஆடுகிற சதுரத்தையும் ஒரே ஒரு குச்சியையும் அவர் கையில் கொடுங்கள். பதில் சொல்ல வேண்டாம் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.